ரிசல்ட் வாரத்துக்கு ஒரு நாற்பது செக்கன் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பழைய மாணவர் சங்கம், டியூட்டரி, கோயில் இளைஞர் மன்றம் என்று ஆளாளுக்கு ஒரு குரல் பதிவோ சின்ன வீடியோவோ போடுகிறார்கள். பெரும்பாலானதைப் பிள்ளைகள் பாதியிலேயே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாமல் கேட்கும்படி ஒன்றை எழுதிப் பதிவு செய்ய நினைப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

நாற்பது செக்கன்ல ஒரு பிள்ளையோட மனசை மாத்த முடியுமா?

முடியாது. அந்த எண்ணத்தோடு எழுத உட்கார்ந்தால் பேச்சு பிரசங்கமாகிவிடும். நாற்பது செக்கனில் இரண்டு காரியம் நடக்கும். "என் நிலைமை இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று கேட்பவருக்குத் தோன்றவைக்கலாம். அன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுக்கலாம். இரண்டும் ஒழுங்காக நடந்தால் அந்தப் பதிவு நல்ல பதிவு. மனமாற்றம், தன்னம்பிக்கை, எதிர்காலக் கனவு எல்லாவற்றையும் உள்ளே திணித்தால் எதுவும் காதில் நிற்காது.

யாருக்காகப் பேசுறது? மூணு ஏ எடுத்தவனும் கேப்பான், பெயிலானவனும் கேப்பானே.

மூன்று ஏ எடுத்தவருக்கு அந்த வாரம் உங்கள் பேச்சு தேவையில்லை. வீட்டில் கேக் வெட்டுகிறார்கள், டியூட்டரி வாசலில் படம் போட்ட பேனர் தொங்கப்போகிறது. அவரை வாழ்த்த வேறு பதிவு போடுங்கள். ஒரே பேச்சில் அவரையும் வாழ்த்தி மற்றவரையும் தேற்றப் போனால், மற்றவர் காதில் வாழ்த்து மட்டும்தான் விழும்.

ஒரேயடியாகப் பெயிலானவருக்கும் நாற்பது செக்கன் பதிவு போதாது. அவருக்கு ஆள் தேவை. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

எஞ்சியிருப்பவர்கள் நடுவில் இருப்பவர்கள். உயர்தரத்தில் ஒரு சி, இரண்டு எஸ். சாதாரண தரத்தில் நாலைந்து சி இருந்தும் கணிதத்தில் வெறும் எஸ். சித்திதான், ஆனால் நினைத்த இடத்துக்குப் போகப் போதாது. இவர்களை யாரும் வாழ்த்துவதுமில்லை, தேற்றுவதுமில்லை. வீட்டில் அழுதால் "பாஸ்தானே, ஏன் அழுறே?" என்பார்கள். சிரித்தால் "இதுக்கு ஒரு சிரிப்பு வேற" என்பார்கள். தொகையாகப் பார்த்தாலும் இவர்கள்தான் அதிகம் காதில் போனோடு சுருண்டு படுத்திருப்பவர்கள். நான் எழுதும்போது எப்போதும் இவர்களில் ஒருவரைத்தான் முன்னால் உட்கார்த்தி வைத்துக்கொள்வேன்: கொட்டாஞ்சேனையில் ஒரு லைன் வீட்டில் இருக்கும், கலைப்பிரிவில் படித்த, பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளை. ஒரு சி, இரண்டு எஸ். அவருக்குப் பொருந்துவது பாணந்துறையில் இருக்கும் பையனுக்கும் பொருந்திவிடும். எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று எழுதினால் ஒருவருக்கும் பொருந்தாது.

எத்தனை சொல் எழுதணும்?

பேச்சுத் தமிழில் எழுதினால் ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து சொல். அதை இடைவெளி விட்டுப் பேசினால் முப்பத்தைந்து செக்கன் அளவில் முடியும். மிச்ச ஐந்து செக்கன் உங்களுக்கல்ல, மூச்சுக்கு.

ஆனால் சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். தமிழில் "எதிர்பார்த்திருந்தவர்களுக்கு" என்பதும் ஒரு சொல், "சரி" என்பதும் ஒரு சொல். இங்கிலீஷ் வீடியோக்களில் சொல்லும் "நிமிடத்துக்கு இத்தனை சொல்" கணக்கு நமக்குச் சரிவராததற்குக் காரணம் இதுதான். மேடைத் தமிழில் நாற்பத்தைந்து சொல் எழுதினாலே நாற்பது செக்கன் போய்விடும். ஆகவே போனில் ஸ்டொப் வோச்சை ஓடவிட்டு, வாய்விட்டு, நின்றுகொண்டு வாசியுங்கள். கண்ணால் வாசித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

நாற்பத்தைந்து செக்கன் வந்துவிட்டால் வேகமாகப் பேசி அடக்கப் பார்க்க வேண்டாம். அந்த வாரம் யாரும் வேகமாகப் பேசுபவரைக் கேட்கும் மனநிலையில் இல்லை. ஒரு முழு வாக்கியத்தைத் தூக்குங்கள். எதைத் தூக்குவது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு ஆகப் பிடித்த வாக்கியத்தைத் தூக்குங்கள். பெரும்பாலும் உபதேசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு பேச்சை முழுசா எடுத்து எப்படித் திருத்துறதுன்னு காட்ட முடியுமா?

தாராளமாக. வழக்கமாக வரும் முதல் வரைவு இந்த மாதிரி இருக்கும்:

"அன்பான மாணவச் செல்வங்களே! வெளியாகியுள்ள உயர்தரப் பெறுபேறுகளில் சித்தியடைந்த அனைவருக்கும் எமது மனமார்ந்த வாழ்த்துகள். எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காதவர்களே, மனந்தளர வேண்டாம்! பரீட்சை மட்டுமே வாழ்க்கையல்ல. தோல்வியே வெற்றியின் முதற்படி. உலகின் மாபெரும் சாதனையாளர்கள் பலரும் பரீட்சையில் தோற்றவர்களே. நீங்கள் முயன்றால் முடியாதது எதுவுமே இல்லை. பெற்றோர் உங்களுக்காகப் பட்ட கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். இன்றே உறுதி எடுங்கள், நாளைய உலகம் உங்கள் கைகளில்!"

எண்ணிப் பார்த்தால் 46 சொல்தான். ஆனால் ஆச்சரியக்குறிகளுக்கு மரியாதை கொடுத்து வாசித்தால் நாற்பது செக்கனைத் தொட்டுவிடும். இனி கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு வாக்கியம் அவருக்கு இல்லை. அதற்கே பத்துச் செக்கன் செலவு. அதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். மூன்றாவது வாக்கியம் அவரைக் கூப்பிடுகிறது. ஆனால் "கிடைக்காதவர்களே" என்று கூட்டமாகக் கூப்பிடுகிறது. தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? "தோல்வி" என்ற சொல் அவருடைய பெறுபேற்றில் இல்லவே இல்லை, மூன்று பாடமும் சித்தி. நாம்தான் அந்தச் சொல்லை வலியக் கொண்டுபோய்ச் சூட்டுகிறோம். சாதனையாளர் வரி எவரையும் பெயர் சொல்லாததால் காற்றில் போகிறது. பெற்றோர் பட்ட கஷ்டம் என்ற வரிதான் ஆகப் பாரமானது. அந்தப் பிள்ளை ரிசல்ட் பார்த்த நிமிடத்திலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைசி வரி செய்யச் சொல்வது "உறுதி எடுங்கள்" என்பதை. உறுதியை எங்கே போய் எடுப்பது?

இப்போது அதே பிள்ளைக்கு, ரிசல்ட் வந்த இரண்டாவது நாளுக்கு எழுதினால்:

"ரிசல்ட் வந்து ரெண்டு நாளாச்சு. போன் அடிச்சாலே பயமா இருக்கு. எடுத்தா 'எத்தனை ஏ'ன்னு கேப்பாங்க.
ஒரு சி, ரெண்டு எஸ்.
பாஸ்தான். ஆனா நினைச்சது இது இல்ல.
மாமா கேட்டா அதையே சொல்லுங்க. 'ஒரு சி, ரெண்டு எஸ், மாமா.' அதுக்கு மேல விளக்கம் வேணாம்.
திரும்ப எழுதறதா, வேற கோர்ஸா? இன்னைக்கே முடிவெடுக்கத் தேவையில்ல.
இன்னைக்கு ஒரு வேலைதான். ஒங்களைப் படிப்பிச்ச ஒரு டீச்சர்கிட்ட இந்த ரிசல்ட்டைக் காட்டுங்க. 'எந்தப் பாடத்துல எங்க விட்டேன்'னு கேளுங்க.
மிச்சத்தை அடுத்த கிழமை பாப்பம்."

இது 60 சொல். முதல் வரைவை விட 14 சொல் கூட. ஆனாலும் சொற்கள் சின்னவை, ஆகவே நிதானமாகப் பேசினாலும் நாற்பதைத் தாண்டாது. "ஒரு சி, ரெண்டு எஸ்" என்ற வரிக்குப் பிறகு ஒரு முழு மூச்சு விடுங்கள். "நினைச்சது இது இல்ல" என்பதற்குப் பிறகு இன்னொன்று. வேறெங்கும் நாடகமாக நிறுத்த வேண்டாம்.

கவனிக்க வேண்டியது மாமா வரியை. ஆறுதல் எங்கேயும் நேராகச் சொல்லப்படவில்லை. பதிலாக, அந்த வாரம் ஆகக் கஷ்டமான காரியத்துக்கு, அதாவது சொந்தக்காரருக்குப் பதில் சொல்வதற்கு, ஒரு வாசகம் தயார் செய்து கொடுத்திருக்கிறோம். பிள்ளை அதை அப்படியே எடுத்துப் பாவிக்கலாம். பாவிக்கக்கூடிய ஒரு வாசகம் பத்து ஊக்க வரிக்குச் சமம் என்பது என் கணிப்பு.

"பரீட்சை மட்டும் வாழ்க்கை இல்ல"ன்னு சொல்றதுல என்ன பிழை? உண்மைதானே.

உண்மைதான், ஆனால் அந்த வாரத்துக்கு அது பாதி உண்மை. அரச பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தீர்மானமாகிறது. அனுமதியின் பெரும் பங்கு மாவட்டக் கணக்கில் போவதால் ஒரே இசட் புள்ளிக்கு ஒரு மாவட்டத்தில் இடம் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை மூன்று தடவைதான் எழுதலாம். இதெல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு விரல்நுனியில் தெரியும். அவரிடம் போய் "இது ஒன்றுமில்லை" என்றால், உங்களுக்கு நிலவரம் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நிதானமாகச் சொல்லக்கூடிய உண்மை வேறு. பெறுபேறு வந்த அன்றே வெட்டுப்புள்ளி வருவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் வாங்கி அதை வெளியிட மாதங்கள் ஆகும். ஆகவே மூன்று பாடமும் சித்தியடைந்த ஒருவருக்கு "கெம்பஸ் கிடைக்காது" என்று பக்கத்து வீட்டு அன்ரி முதல் நாளே சொல்ல முடியாது. "நிச்சயம் கிடைக்கும்" என்று நீங்களும் சொல்ல முடியாது. "இன்னும் தெரியாது, விண்ணப்பத்தைப் போடுங்க" என்பதுதான் சரி. கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் நம்புவார்கள்.

திரும்ப எழுதும் விஷயத்திலும் அப்படித்தான். "இன்னொரு தடவை எழுது, வெல்லலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2024ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பெறுபேறு வந்தது 2025 ஏப்ரல் கடைசியில். அடுத்த உயர்தரம் அதே ஆண்டு நவம்பரில் தொடங்கியது. நடுவில் இருந்தது ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. கலைப்பாடம் ஒன்றில் எஸ்ஸை பி ஆக்க அந்தக் காலம் போதுமாக இருக்கலாம். இணைந்த கணிதத்தில் அடிப்படையே தள்ளாடினால் போதாது. அந்த வேறுபாட்டை உங்கள் பதிவால் சொல்ல முடியாது, பாடம் படிப்பித்தவரால்தான் முடியும். அதனால்தான் மேலே உள்ள பேச்சு பிள்ளையை டீச்சரிடம் அனுப்புகிறது.

படிக்காம பெரிய ஆளான ஒருத்தரோட கதையைச் சேர்த்தா நல்லா இருக்காதா?

வேண்டாம். கதை சொல்லவே இருபது செக்கன் போய்விடும். அதோடு, ஒருவர் படிப்பை விட்டுப் பெரிய கம்பனி தொடங்கினார் என்றால் அவர் பின்னால் இருந்த பணம், ஊர், காலம் எதுவும் கதையில் வராது. கேட்கும் பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

ஓ எல் பிள்ளைகளுக்கும் இதையே போடலாமா?

அப்படியே போடக் கூடாது. வயது பதினாறு. முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள் இல்லை, வீடும் பாடசாலையும். பயமும் வேறு: எந்தப் பிரிவு கிடைக்கும், தன் பாடசாலையிலேயே உயர்தரத்துக்கு எடுப்பார்களா, கூட்டாளிகள் எல்லாம் சயன்ஸுக்குப் போய்த் தான் மட்டும் தனியாகிவிடுவோமா என்பது.

உயர்தரத்துக்குப் போகப் பொதுவான நிபந்தனை தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி. கணிதத்தில் டபிள்யூ வந்த பிள்ளைக்கு "கவலைப்படாதே" என்பது பதில் ஆகாது. "நாளைக்குக் காலையில அம்மாவோட போய் செக்ஷன் ஹெட்டைச் சந்திச்சு, என்ன வழி இருக்குன்னு கேளு" என்பது பதில். சில பாடசாலைகளில் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற்பிரிவு இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தி இல்லாவிட்டாலும் அதில் சேரலாம். தன் பாடசாலையில் அது இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அதிபரிடம் கேட்க வேண்டும். இந்த விவரத்தைப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள், பதிவுக்குக் கீழே எழுதுங்கள். பேச்சுக்குள் "நாளைக்கு அம்மாவோட ஸ்கூலுக்குப் போ" மட்டும் போதும்.

"நீ" என்று பேசலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பதினாறு வயதுக்காரரிடம் அண்ணன் அக்கா குரலில் "நீ" சரிவரும். உயர்தரம் எழுதியவரிடம் "நீங்க" தான். ரிசல்ட் குறைந்த வாரத்தில் முகம் தெரியாத ஒருவர் "நீ" என்றால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

கொழும்பில எல்லா ஊர்த் தமிழும் இருக்கே. எந்தத் தமிழ்ல பேசுறது?

உங்கள் வாயில் வருவதில். வெள்ளவத்தையில் "வந்திட்டுது" என்பவரும், மட்டக்குளியில் "வந்துருச்சு" என்பவரும், தெமட்டகொடையில் வேறு விதமாகச் சொல்பவரும் ஒருவர் பேச்சை ஒருவர் தினமும் கேட்டு வாழ்பவர்கள்தான். யாருக்கும் விளங்காமல் போகாது. பொய்யாகப் பேசினால்தான் காதில் குத்தும். மலையகப் பின்னணியில் வளர்ந்தவர் யாழ்ப்பாணப் பேச்சைப் போட்டுப் பார்ப்பதும், சினிமாத் தமிழில் "டேய் மச்சி" என்று தொடங்குவதும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் சொற்களில் ஊர் இருக்க வேண்டும். இங்கே பிள்ளை எடுப்பது "மார்க்ஸ்" அல்லது "புள்ளி". "மதிப்பெண்" என்றதும் பக்கத்து நாட்டு வீடியோவை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். "பன்னிரண்டாம் வகுப்பு" இல்லை, "ஏ எல்". "கட் ஆஃப்" என்றும் சொல்கிறார்கள், "வெட்டுப்புள்ளி" என்றும் சொல்கிறார்கள், இரண்டும் சரி.

எந்த நேரம் போடணும்? ரிசல்ட் வந்த உடனே போட்டா நல்லதா?

உடனே போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நேரம் எல்லோரும் doenets.lk பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருப்பார்கள். பக்கம் திறக்காது, சுட்டெண்ணை அடித்து அடித்து விரல் ஓய்ந்துபோயிருக்கும். யாரோ ஒரு கூட்டாளி அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில்தான் பலர் தங்கள் பெறுபேற்றையே முதலில் பார்க்கிறார்கள். அதன் பிறகு அன்றிரவு முழுக்க வீட்டுக்குள் நடக்கும் கதை. அதில் உங்களுக்கு இடமில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம்தான் நல்ல நேரம். அழுகை ஓய்ந்து, போன் அழைப்புகள் தொடங்கியிருக்கும். கூட்டாளிகளின் ஸ்டேட்டஸ் எல்லாம் வாழ்த்தாக நிரம்பி வழியும். சும்மா படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உங்கள் குரல் வந்தால் நின்று கேட்பார்கள். "ரிசல்ட் வந்து ரெண்டு நாளாச்சு" என்ற முதல் வரி அந்த நேரத்துக்காக வைத்தது. நான்காம் நாள் போட்டால் அந்த வரியை மாற்றவேண்டியிருக்கும். அதற்குள் பேனர்களும் வந்துவிடும். அப்போது "கோல் ரோட்டில போற பஸ்ல இருந்து பேனரைப் பாக்கும்போது" என்று தொடங்கலாம்.

வாரக் கடைசியில் பேச்சு ரீ கரெக்ஷன் பக்கம் திரும்பும். அதற்கு ஊக்கப் பேச்சு தேவையில்லை. பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் முடிவுத் திகதியையும் விண்ணப்பிக்கும் முறையையும் எழுத்தில் போட்டால் போதும்.

வீட்டில போன்லதான் ரெக்கோர்ட் பண்றேன். ட்ரெயின் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் வருது.

ஃபேனை நிறுத்துங்கள். கொழும்பு வெக்கையில் கஷ்டம்தான், ஆனால் நாற்பது செக்கன்தானே. கடற்கரைப் பக்கம் ரயில் பாதைக்கு அருகில் இருந்தால் ஒரு ரயில் போனதும் தொடங்குங்கள். துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து, அதைப் பார்த்தபடி நின்று பேசுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். வெறும் சுவரைப் பார்த்துப் பேசினால் குளியலறைக்குள் இருந்து பேசுவது போல் கேட்கும்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே முன்னால் பிடிக்காமல் கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். நேரே பிடித்தால் "பாஸ்தான்", "பயமா" என்று வரும் இடங்களில் காற்று மோதி "டப்" என்று வெடிக்கும். பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால் இது உடனே தெரியும், போன் ஸ்பீக்கரில் தெரியாது. பொத்தானை அழுத்தி இரண்டு செக்கன் சும்மா இருந்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் எழுத்து வெட்டுப்படும்.

குரலில் ஒரு விஷயம். ஊக்கப் பேச்சு என்றதும் பலருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அதைக் கட்டுப்படுத்த ஒரு வழி: முதலில் உங்கள் தங்கச்சிக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புவது போல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முழுவதையும் ஒருமுறை பேசுங்கள். அடுத்த முறை பெயரை விட்டுவிட்டு அதே குரலில் பேசுங்கள். அந்த இரண்டாவது பதிவுதான் பெரும்பாலும் எடுபடும். ஐந்தாறு தடவைக்கு மேல் பேசினால் பாட்டுப் போல் ஏற்ற இறக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைக் கழற்ற முடியாது.

எடிட் செய்பவருக்கு வட்ஸப்பில் அனுப்பும்போது டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். வொய்ஸ் மெசேஜாகப் போனால் தரம் குறையும்.

பின்னால மியூசிக்?

வேண்டாம். வயலின் தொடங்கிய உடனேயே "ஓ, மோட்டிவேஷன்" என்று விரல் தள்ளிவிடும். எழுத்துக்கள் மட்டும் கட்டாயம் போடுங்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி இருக்கும்போது பிள்ளை இதைச் சத்தமில்லாமல்தான் பார்க்கும். ஒரு தடவைக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் திரையில் வேண்டாம்.

பதிவைக் கேட்டுட்டு ஒரு பிள்ளை "இனி வாழ்ந்து என்ன பிரயோசனம்" மாதிரி மெசேஜ் போட்டா என்ன செய்றது?

அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். பொதுவெளியில் பதில் எழுதாமல் தனியாக உடனே தொடர்புகொள்ளுங்கள், முடிந்தால் குரலில். தன்னை ஏதும் செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால், அவரைத் தனியாக விடாமல் இருக்கக்கூடிய ஒருவரை, அம்மாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, உடனே அங்கே சேர்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். 1333 இலக்கத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

இந்த இலக்கங்களைப் பேச்சுக்குள் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு சி, இரண்டு எஸ் எடுத்தவருக்கு டீச்சரிடம் போகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவசர இலக்கம் வந்தால், தன் நிலைமை அவ்வளவு மோசமோ என்று நினைப்பார். கடைசி நாலு செக்கன் திரையின் கீழே எழுத்தில் போடுங்கள், பதிவின் விளக்கத்திலும் போடுங்கள். தேவையானவர் கண்ணில் படும். அதோடு, பதிவைப் போட்ட இரவு கமெண்டுகளையும் மெசேஜ்களையும் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப்போவது சரியில்லை.

பெற்றோருக்கும் ஒரு வரி சேர்க்கலாமா?

அதே பேச்சில் வேண்டாம், பிள்ளைக்குப் பேசும் குரல் குழம்பிவிடும். தனியாக ஒன்று செய்யுங்கள். அதற்கும் இதே விதிதான்: ஒரு நேரம், ஒரு வேலை. "இன்னைக்கு ராத்திரி சொந்தக்காரர் போன் எடுத்தா, பிள்ளைக்கிட்ட குடுக்காதீங்க. நீங்களே பதில் சொல்லுங்க." அம்மாவும் அப்பாவும் இதைச் செய்தால் அந்த வாரத்தின் பாரம் பாதி இறங்கிவிடும்.

நான் ஒரு டியூஷன் சேர். பேச்சு முடிய என் கிளாஸ் பேரையும் நம்பரையும் போடலாமா?

போட்டால் முழுப் பேச்சும் விளம்பரமாகிவிடும், சேர். "மிச்சத்தை அடுத்த கிழமை பாப்பம்" என்று சொன்ன கையோடு "ரிவிஷன் கிளாஸ் ஆரம்பம்" என்று வந்தால், அதற்கு முன் சொன்னதெல்லாம் ஆள் பிடிக்கச் சொன்னதாகத்தான் படும். உங்கள் குரல் பிள்ளைகளுக்குத் தெரியும். டீச்சரிடம் ரிசல்ட்டைக் காட்டச் சொல்லியும் இருக்கிறீர்கள். வருபவர்கள் தாமாக வருவார்கள். வந்தால், முதல் நாள் கட்டணம் பேசாமல் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். கிளாஸ் விளம்பரத்தை ஒரு கிழமை கழித்து, வேறு பதிவாக, விளம்பரம் என்றே சொல்லிப் போடுங்கள்.